வீட்டுக் கடனை வேறு வங்கிக்கு மாற்றலாமா?

கேள்வி: வீட்டு வசதி நிதி நிறுவனம் ஒன்றில் 2020-இல் வாங்கிய கடனில் இன்னும் 30 லட்சம் ரூபாய் பாக்கி. 15 ஆண்டுகள் மீதம் உள்ளன. மாறும் வட்டி, இப்போது 9.25%. ஒரு வங்கி 8.25%-க்குத் தருவதாகவும் பரிசீலனைக் கட்டணமே இல்லை என்றும் சொல்கிறது. மாற்றிவிடலாமா? — வாசகர், திருச்சி

பதில்: இப்போதைக்கு எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள். முதலில் உங்கள் நிறுவனத்திடமே வட்டியைக் குறைக்கச் சொல்லி எழுத்துமூலம் கேளுங்கள். புதிதாகக் கடன் வாங்குவோருக்குக் குறைந்த வட்டி தரும் நிறுவனங்கள், பழைய வாடிக்கையாளருக்கு அவர் கேட்டால்தான் பெரும்பாலும் குறைக்கின்றன. அதற்கு ஒரு மாற்றுக் கட்டணம் வாங்குவார்கள். அவர்கள் தரும் பதில் தெரியாமல் புதிய வங்கியின் 8.25% லாபமா என்று சொல்ல முடியாது.

பரிசீலனைக் கட்டணம் இல்லை என்றாலும் செலவு இருக்கிறது. தமிழ்நாட்டில் புதிய வங்கியிடம் மூலப்பத்திரங்களை ஒப்படைப்பதற்கான ஆவணத்தை மீண்டும் பதிவு செய்ய வேண்டும். கடன் தொகையில் 0.5% முத்திரைத் தீர்வை, அதாவது 15,000 ரூபாய். பதிவுக் கட்டணம் 6,000 ரூபாய். வழக்கறிஞர் கருத்துக்கும் சொத்து மதிப்பீட்டுக்கும் சுமார் 8,000, பழைய அடமானத்தை நீக்கும் ரசீது ஆவணம், வில்லங்கச் சான்று, எழுத்துக் கூலி ஆகியவற்றுக்கு 3,000 என்று வையுங்கள். இந்த இரண்டும் என் மதிப்பீடு. ஊருக்கு ஊர் மாறும். இன்னொன்றைப் பலரும் கவனிப்பதில்லை. புதிய வங்கி காசோலை எழுதிய நாளிலிருந்தே வட்டி கணக்கிடக்கூடும். அது பழைய கணக்கில் சேரும் வரை அங்கேயும் வட்டி ஓடும். 30 லட்சத்துக்கு 8.25% வட்டியில் ஒரு நாளைக்குச் சுமார் 680 ரூபாய். ஒரு வாரம் இழுத்தால் ஏறக்குறைய 5,000. எல்லாம் சேர்த்தால் 37,000 ரூபாய்.

பழைய நிறுவனத்துக்கு அபராதம் எதுவும் கட்ட வேண்டியதில்லை. தனிநபரின் மாறும் வட்டி வீட்டுக் கடனை முன்கூட்டியே அடைப்பதற்குக் கட்டணம் வாங்க விதிகள் அனுமதிப்பதில்லை. நிலையான வட்டிக் கடனாக இருந்தால் ஒப்பந்தத்தைப் பார்க்க வேண்டியிருக்கும்.

இப்போது கணக்குக்கு வருவோம். 15 ஆண்டுக்கு 9.25%-இல் மாதத் தவணை 30,876 ரூபாய்; 8.25%-இல் 29,104. மாதம் 1,772 மிச்சம். 37,000 ரூபாய்ச் செலவு 21 மாதங்களில் திரும்பிவிடும். இங்கேயே நிறுத்தினால் மாற்றுவதுதான் சரி என்று தோன்றும்.

ஆனால் உங்கள் நிறுவனம் 7,000 ரூபாய் வாங்கிக்கொண்டு 8.50%-க்கு இறங்கினால்? தவணை 29,542 ஆகிவிடும். புதிய வங்கிக்குப் போவதால் கூடுதலாகக் கிடைப்பது மாதம் 438 ரூபாய்தான். அதற்குக் கூடுதல் செலவோ 30,000. அதை மீட்கவே ஐந்தரை ஆண்டுகளுக்கு மேல் ஆகும். அப்படியென்றால் நான் இருக்கும் இடத்திலேயே இருக்கச் சொல்வேன். 9 சதவீதத்துக்குக் கீழே இறங்க மாட்டோம் என்று அவர்கள் மறுத்தால் தயங்காமல் மாறுங்கள்.

மாறுவதென்றால் கடன் காலத்தில் கவனம் வேண்டும். தவணை குறையும் என்று காட்டி 20 ஆண்டுக்கு நீட்டித்துத் தருவார்கள். 8.25%-இல் 20 ஆண்டுக்குத் தவணை 25,562 ரூபாய்தான். ஆனால் மொத்தம் கட்டுவது 61.35 லட்சம். இப்போதைய 9.25%-இலேயே இருந்தால்கூட 55.58 லட்சம்தான். வட்டி குறைந்தும் ஐந்தே முக்கால் லட்சம் கூடுதலாகப் போகிறது! நேர்மாறாக, புதிய வங்கியிலும் பழைய தவணையான 30,876 ரூபாயையே கட்டி வாருங்கள்; கடன் ஏறத்தாழ 19 மாதம் முன்னதாகவே முடிந்துவிடும். கடனுடன் காப்பீட்டுப் பிரீமியத்தைச் சேர்த்து, கடன் தொகையை உயர்த்திக் காட்டுகிறார்களா என்றும் அனுமதிக் கடிதத்தில் பாருங்கள். அதில் ஒரு லட்சம் போனால் மேலே சொன்ன கணக்கு முழுவதும் மாறிவிடும்.

8.25% எதனுடன் இணைக்கப்பட்டது என்றும் கேளுங்கள். வங்கிகளின் மாறும் வட்டி வீட்டுக் கடன்கள் 2019 அக்டோபர் முதல், ரிசர்வ் வங்கி வங்கிகளுக்குக் கடன் தரும் வட்டியான ரெப்போ போன்ற வெளி அளவுகோலுடன் இணைக்கப்படுகின்றன. ரெப்போ ஏறினால் உங்கள் வட்டியும் ஏறும். வீட்டு வசதி நிதி நிறுவனங்களுக்கு அந்தக் கட்டாயம் இல்லை. அவை தங்கள் சொந்த அடிப்படை விகிதத்தை வைத்துக்கொள்கின்றன. வங்கிக்குப் போவதில் எனக்குப் பிடித்த அம்சம் இதுதான்: ரெப்போ குறையும்போது வட்டியைக் குறைக்கச் சொல்லி மனுப் போட வேண்டியதில்லை.

கடனை அடைத்த 30 நாட்களுக்குள் மூலப்பத்திரங்களைத் திருப்பித் தந்து, பதிவான அடமானத்தையும் நீக்க வேண்டும் என்பது 2023 டிசம்பர் முதல் ரிசர்வ் வங்கி விதி. அவர்கள் தவறால் தாமதமானால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் இழப்பீடு. கடன் அடைந்ததும் புதிதாக ஒரு வில்லங்கச் சான்று எடுத்து, பழைய அடமானத்துக்கு எதிரே ரசீது பதிவாகியிருக்கிறதா என்று நீங்களே பாருங்கள். அது விடுபட்டால், பிற்காலத்தில் வீட்டை விற்கும்போது வாங்குபவரின் வழக்கறிஞர் அங்கேதான் நிறுத்துவார்.