கேட் முதல் போர்ட்டிகோ வரை பேவர் பிளாக் கணக்கு

"தண்டையார்பேட்டை வீடு. கேட்டிலிருந்து போர்ட்டிகோ வரை 20க்கு 10 அடி, கார் ஏறும். கல், மணல், ஓரக்கல் எவ்வளவு வாங்கணும்?"

சார், 200க்கு 100 மி.மீ. கல்லானா சதுர மீட்டருக்கு 50. உங்க இடம் 18.6 சதுர மீட்டர், அதனால 930. வெட்டு, உடைசலுக்கு 5 சதவீதம் சேர்த்து 980 வாங்குங்க. தடிமன் 60 மி.மீ.க்குக் குறைய வேண்டாம்.

மணல் இறுகினபிறகு 30 மி.மீ. நிக்கணும். அது 20 கன அடி. இறுகுறதுக்குக் கால்பங்கு கூட்டினா 25, அதாவது கால் யூனிட் எம்-சாண்ட். பள்ளத்தை மணலால நிரப்ப விடாதீங்க, டயர் தடத்துல கல் இறங்கிடும். ஜல்லி போட்டு இடிச்சுச் சமன்பண்ணின பிறகுதான் மணல்.

ஓரக்கல் ரெண்டு பக்கமும் 40, கேட்டோரம் 10, மொத்தம் 50 அடி. போர்ட்டிகோ பக்கம் தரையே தாங்கிக்கும். கேட்டோரத்தை மட்டும் விட்டுடாதீங்க. டயர் திரும்பித் திரும்பிக் கல்லை வெளியே தள்ளுறது அங்கதான். இடைவெளி விரல் நுழையுற அளவு அகலமானா ஓரம் நகருதுன்னு அர்த்தம். வெளிப்பக்கம் காங்கிரீட் அணைப்புக் கொடுக்கச் சொல்லுங்க.