யாருடைய மகள்? ஓவ், ஓவா, ஸ்கி, ஸ்கயா

கேள்வி: ரஷ்ய டென்னிஸ் வீரர் மராட் சஃபினுக்குத் தங்கை தினாரா சஃபினா. கூடப் பிறந்தவர்களுக்கு ஏன் குடும்பப் பெயர் வேறுவேறாக இருக்கிறது? இந்த ஓவ், ஸ்கி எல்லாம் என்ன?

பதில்: இரண்டும் ஒரே பெயர். ஒன்று ஆண்பால், மற்றது பெண்பால். ரஷ்ய மொழியில் இந்த வகைக் குடும்பப் பெயர்கள் பிறப்பிலேயே பெயரடைகள். அந்த மொழியில் பெயரடை தான் சேரும் சொல்லின் பாலுக்கேற்ப மாறியாக வேண்டும். தமிழில் 'நல்ல பையன்', 'நல்ல பெண்' என்று 'நல்ல' அப்படியே நிற்கும். ரஷ்யனில் அந்த 'நல்ல' கூட இரண்டு இடத்திலும் வேறு வடிவம் எடுக்கும். நான் ஆறு வருடம் ரஷ்யாவில் மருத்துவம் படித்தவன். முதல் வருடம் முழுக்க என்னைச் சுற்ற விட்ட விஷயம் இது. கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

நம் ஊரில் தெருவில் விளையாடும் குழந்தையைப் பார்த்துப் பெரியவர்கள் 'நீ யார் வீட்டுப் பிள்ளை?' என்று கேட்பார்கள் இல்லையா, 'ஓவ்' அந்தக் கேள்விக்கான பதில். 'இவானோவ்' என்றால் 'இவானுடைய'. அதற்குப் பின்னால் 'மகன்' என்ற சொல் மறைந்து நிற்கிறது. மகள் என்றால் 'இவானோவா'. குடும்பம் முழுவதையும் சேர்த்துச் சொன்னால் 'இவானோவி'. ரஷ்யனில் மூன்றாவதாக அஃறிணை மாதிரி ஒரு பாலும் உண்டு. அதையும் இந்தப் பெயர் விடவில்லை. மாஸ்கோவுக்கு வடகிழக்கே 'இவானோவோ' என்று நெசவாலைகளுக்குப் பேர்போன ஒரு நகரம் இருக்கிறது. அங்கே 'மகன்', 'மகள்' இருந்த இடத்தில் 'ஊர்' என்பதற்கான அஃறிணைச் சொல் மறைந்திருக்கிறது. இவானோவ், இவானோவா, இவானோவோ மூன்றையும் ஒரே வரிசையில் வைத்துப் பார்த்த அன்றுதான் எனக்கு இது பிடிபட்டது.

தொழிலும் அப்படியே. 'குஸ்னெத்ஸ்' என்றால் கொல்லன். கொல்லனுடைய மகன் குஸ்னெட்சோவ், மகள் குஸ்னெட்சோவா. மூலச் சொல் 'ஆ' ஒலியில் முடிந்தால் 'ஓவ்' வராது, 'இன்' வரும். நிகிதா என்ற ஆணின் பெயரிலிருந்து நிகிதின், இல்யாவிலிருந்து இல்யின். 'ககாரா' என்ற நீர்ப்பறவையின் பெயரிலிருந்து வந்தது ககாரின். சஃபின் குடும்பம் தாதர் இனத்தது, ஆனால் பெயரின் வால் இந்த ரஷ்ய 'இன்'தான். அவர்களின் அம்மா ரவ்ஸா இஸ்லானோவா, டென்னிஸ் பயிற்சியாளர். அவர் பெயரிலும் அந்த 'ஓவா' இருக்கிறது பாருங்கள். 2009 பிரெஞ்சு ஓபன் இறுதியில் தினாரா சஃபினாவைத் தோற்கடித்தவர் ஸ்வெத்லானா குஸ்னெட்சோவா. ஸ்வெத்லானாவின் அப்பா சைக்கிள் பந்தயப் பயிற்சியாளர், அவர் பெயர் குஸ்னெட்சோவ். வீட்டில் ஒரே பெயர்தான், கடைசி எழுத்துதான் ஆளுக்கு ஆள் மாறுகிறது.

'ஸ்கி'யை நாம் இன்னும் எளிதாகப் புரிந்துகொள்ளலாம். மதுரைக்காரன், மதுரைக்காரி என்கிறோமே, கிட்டத்தட்ட அதுதான். பெரும்பாலும் ஏதோ ஓர் ஊரையோ இடத்தையோ சேர்ந்தவர் என்ற பொருள். இன்றைய பெலாரஸில் தஸ்தோயெவோ என்று ஒரு கிராமம் இருக்கிறது. முன்னோர் அந்தக் கிராமத்தோடு தொடர்புடையவர்கள் என்பதால் எழுத்தாளர் தஸ்தயேவ்ஸ்கி ஆனார். அவருடைய மனைவி அன்னா, பிறந்த வீட்டில் ஸ்னீத்கினா, திருமணத்துக்குப் பிறகு தஸ்தயேவ்ஸ்கயா. கணவரின் பெயரை எடுத்துக்கொள்ளும்போதும் பெண்பால் வடிவத்தில்தான் எடுக்க வேண்டும். கோயில் பெயரிலிருந்து வந்த 'ஸ்கி'களும் நிறைய. ரஷ்தெஸ்த்வென்ஸ்கி என்ற பெயரில் இருப்பது கிறிஸ்துவின் பிறப்பைக் குறிக்கும் சொல். பாதிரியார் குடும்பங்களில் இப்படிப்பட்ட பெயர்களை அடிக்கடி பார்க்கலாம்.

இதுவரை சுலபம். ஆணுக்கு 'ஆ' கிடையாது, பெண்ணுக்கு 'ஆ' உண்டு என்று இதோடு நிறுத்திக்கொண்டால்தான் சிக்கல் ஆரம்பிக்கும். ஏனென்றால் இந்தப் பெயர்கள் வேற்றுமை உருபும் ஏற்கும். மாஸ்கோவில் 'ப்லோஷத் ககாரினா' என்று பலகை பார்ப்பீர்கள். ககாரினா என்ற அம்மையார் பெயரில் உள்ள சதுக்கம் என்று நினைத்துவிடக் கூடாது. அது விண்வெளி வீரர் யூரி ககாரினின் சதுக்கம். 'ககாரினுடைய' என்று சொல்லும்போது ஆண்பால் பெயருக்கும் கடைசியில் ஓர் 'ஆ' வந்து ஒட்டிக்கொள்கிறது. அப்படியானால் பெண்ணின் பெயரில் தெரு இருந்தால் எப்படித் தெரியும்? அங்கே 'ஒய்' வரும். விண்வெளிக்குப் போன முதல் பெண் வலந்தினா தெரெஷ்கோவா. அவர் பெயரில் உள்ள தெருவின் பலகையில் 'உலித்சா தெரெஷ்கோவொய்' என்று இருக்கும். ரஷ்ய ஊர்களில் தெருப் பெயர் படிக்க இதுதான் சூத்திரம்: 'ஆ' என்று முடிந்தால் அநேகமாக ஆண், 'ஒய்' என்று முடிந்தால் பெண்.

இதைவிடக் கடினமான இடம் ஒன்று உண்டு. பயிற்சிக் காலத்தில் ஒரு மருத்துவமனையில் செவிலியர் ஒருவர் என்னிடம் அவசரமாக 'பஸவீத்தே குஸ்னெட்சோவு' என்றார். என் காதில் 'பஸ்வனீத்தே குஸ்னெட்சோவு' என்று விழுந்தது. 'பஸ்வனீத்தே' என்றால் போன் செய்யுங்கள், 'பஸவீத்தே' என்றால் கூப்பிட்டு வாருங்கள். கேட்க எவ்வளவு நெருக்கம்! ஆனால் வினை மாறினால் ஆளே மாறிவிடுவார். போன் செய்வதற்கு நான்காம் வேற்றுமை: குஸ்னெட்சோவ் என்ற ஆணுக்குப் போன் செய்யச் சொன்னால் 'குஸ்னெட்சோவு'. கூப்பிடுவதற்கு இரண்டாம் வேற்றுமை: குஸ்னெட்சோவா என்ற பெண்ணைக் கூப்பிடச் சொன்னாலும் அதே 'குஸ்னெட்சோவு'. அந்தத் துறையில் இரண்டு பேருமே இருந்தார்கள். நான் கீழ்த்தளத்தில் இருந்த ஆண் மருத்துவருக்குப் போன் போட்டு வரவழைத்தேன். பக்கத்து அறையில் இருந்த பெண் மருத்துவர் கால் மணி நேரம் கழித்துத்தான் வந்தார். நோயாளிக்கு ஒன்றும் ஆகவில்லை. அன்றிலிருந்து இந்த 'உ' காதில் விழுந்தால் முதலில் வினையைத்தான் கவனிப்பேன். பெயரை மட்டும் வைத்து ஆணா பெண்ணா என்று சொல்லவே முடியாத இடம் அது.

அப்புறம் ஒரு முக்கியமான எச்சரிக்கை. 'ஓவா' என்று பார்த்தவுடன் 'ஆ'வை வெட்டினால் அப்பா பெயர் கிடைத்துவிடும் என்பது ரஷ்யனுக்குச் சரி, பல்கேரியனுக்கும் சரி. செக் மொழியில் அது தப்பு. மார்ட்டினா நவ்ரத்திலோவா செக்கோஸ்லோவாக்கியாவில் பிறந்தவர். அவருக்கு அந்தப் பெயர் வளர்ப்புத் தந்தையிடமிருந்து வந்தது. அந்தத் தந்தையின் பெயர் நவ்ரத்திலோவ் கிடையாது, வெறும் நவ்ரத்தில். செக் மொழியில் 'ஓவா' முழுவதுமே பெண்பால் விகுதி, ஆணின் பெயரில் 'ஓவ்' இருக்கவே இருக்காது. த்வோர்ஷாக் என்பவர் மகள் த்வோர்ஷாகோவா. பெத்ரா க்விதோவாவின் அப்பா க்விதா, அங்கே விகுதி சேரும்போது 'ஆ' உதிர்ந்துவிட்டது. அதனால் செக் பெண்ணின் பெயரிலிருந்து அப்பா பெயரைத் திரும்ப எடுப்பது எப்போதும் உறுதியாக முடியாது, அப்பா பெயர் 'க்வித்' என்பதா, 'க்விதா' என்பதா என்று கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். ஆணின் பெயரே பெயரடையாக இருந்தால் 'ஓவா' வேண்டியதில்லை: நோவோத்னி என்பவர் மகள் நோவோத்னா. 1998 விம்பிள்டன் சாம்பியன் யானா நோவோத்னா இந்த வகை. செக் நாளிதழ்கள் வெளிநாட்டுப் பெண்களையும் விடாமல் செரீனா வில்லியம்சோவா என்று எழுதி வந்தன. எனக்கு அது நெருடலாகவே இருக்கும். ஒருவர் பெயரை அவர் எழுதுகிறபடி எழுதுவதுதான் மரியாதை. இப்போது அங்கே சட்டமே தளர்ந்திருக்கிறது. 2022 ஜனவரி முதல் செக் பெண்கள் எந்தக் காரணமும் காட்டாமல் விகுதி இல்லாத வடிவத்தைப் பதிவு செய்துகொள்ளலாம்.

போலிஷ் மொழியில் 'ஸ்கி'யின் பெண்பால் 'ஸ்கா', ரஷ்யன் மாதிரி 'ஸ்கயா' இல்லை. மேரி கியூரி பிறந்தபோது மரியா ஸ்க்வொடொவ்ஸ்கா, அவர் அப்பா ஸ்க்வொடொவ்ஸ்கி. நோவாக் மாதிரிப் பெயர்களுக்கு முன்பு மனைவி என்றால் நோவாகோவா, திருமணமாகாத மகள் என்றால் நோவாகுவ்னா என்று தனித்தனி வடிவம் இருந்தது. இன்று பெரும்பாலும் எல்லாரும் நோவாக்தான்.

மாறாத பெயர்களும் உண்டு. ஜோகோவிச் மாதிரி 'இச்' என்று முடியும் செர்பியப் பெயர்கள் பெயரடை இல்லை, பெயர்ச்சொல். அதனால் அனா இவனோவிச் பெண்ணாக இருந்தும் பெயர் அப்படியே. அதற்குள்ளே 'ஓவ்' இருந்தாலும் கடைசியில் நிற்பது 'இச்' என்பதால் அது அசையாது. உக்ரைனின் ஷெவ்சென்கோவும் ஆணுக்கும் பெண்ணுக்கும் ஷெவ்சென்கோதான்.

நம் பெயர்கள் இந்த இலக்கணத்தில் மாட்டினால் என்ன ஆகும் என்பதையும் சொல்லிவிடுகிறேன், அங்கே படிக்கும் பிள்ளைகளுக்கு உதவும். என் பெயர் செல்வம். மெய்யெழுத்தில் முடியும் அயல்நாட்டு ஆண் பெயர் ரஷ்யனில் வேற்றுமை ஏற்கும், பெண்ணின் பெயர் ஏற்காது. படிப்பு முடிந்து வாங்கிய சான்றிதழில் 'செல்வமு' என்று இருந்தது. 'செல்வத்துக்கு வழங்கப்பட்டது' என்று பொருள், ரஷ்யனில் எந்தப் பிழையும் இல்லை. என்னோடு படித்த பெண்ணுக்கும் அப்பா பெயர் செல்வம், அவள் சான்றிதழில் அது செல்வம் என்றே இருந்தது. ஊரில் மொழிபெயர்ப்பு செய்து கொடுத்தவர் என்னுடையதில் எழுத்துக்கு எழுத்து 'செல்வமு' என்று ஆங்கிலத்தில் இறக்கிவிட, பாஸ்போர்ட்டோடு பெயர் பொருந்தவில்லை என்று ஓர் அலுவலகத்தில் திருப்பி அனுப்பிவிட்டார்கள். ரஷ்யச் சான்றிதழைத் திருத்தி வாங்க வேண்டும் என்று பயந்தேன். அது தேவைப்படவில்லை. மொழிபெயர்ப்பில் பெயரை எழுவாய் வடிவத்துக்குக் கொண்டுவந்து, பாஸ்போர்ட்டில் உள்ள எழுத்துகளிலேயே எழுதி, மறுபடி நோட்டரி சான்று வாங்கிக் கொடுத்தேன். அடுத்த வாரம் ஏற்றுக்கொண்டார்கள்.