பனையேறி தென்னையில் ஏறிய விளம்பரம்

கேள்வி: கடைக்கு ஏஐ-யில் விளம்பர வீடியோ செய்து, பொருளே தப்பாக வந்த அனுபவம் யாருக்காவது உண்டா? கதையாகச் சொல்லுங்களேன்.

உடன்குடியில் என் பெரியப்பாவுக்குக் கருப்பட்டிக் கடை. போன பங்குனியில் கடைக்கு விளம்பரம் வேண்டும் என்றார். நான் ஒரு ஏஐ செயலியில் `palm jaggery, village, man climbing tree` என்று அடித்து 20 விநாடி வீடியோ செய்து கொடுத்தேன். அன்று ராத்திரியே ஸ்டேட்டஸில் போட்டுவிட்டார்.

மறுநாள் காலையில், வழக்கமாக வாங்கும் ஆச்சி கடைக்கு வந்தார். ஒரு கருப்பட்டியை எடுத்து உடைத்து, உடைந்த இடத்தை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ஏய்யா, நீயும் சீனி கலக்க ஆரம்பிச்சிட்டியா?"

"யாரு சொன்னா ஆச்சி?"

"ஒன் படம்தான் சொல்லுது. உள்ள பளபளன்னு மின்னுதே!"

எங்கள் பக்கத்தில் கருப்பட்டியை உடைத்துப் பார்த்துத்தான் வாங்குவார்கள். உள்ளே மங்கலாக, கருத்து இருந்தால் நல்ல சரக்கு. மின்னினால் சீனி என்று சந்தேகம். 

பெரியப்பா என்னைக் கூப்பிட்டு வைத்து வீடியோவை நிறுத்தி நிறுத்திக் காட்டினார். அதில் இருந்தது பொன்னிறத்தில் செங்கல் மாதிரி அடுக்கிய கரும்பு வெல்லம். எங்கள் கருப்பட்டி, காய்ச்சிய பாகைச் சிரட்டையில் ஊற்றி எடுப்பது. ஒரு பக்கம் தட்டை, மறுபக்கம் சிரட்டையின் உருண்டை. அதைவிட, பனையேறி ஏறியதே தென்னையில்! விசிறி ஓலை ஒன்றுகூட இல்லை. ஆங்கிலத்தில் `palm` என்றால் தென்னை, ஈச்சை எல்லாமே அடங்கும். `jaggery` என்று இணையத்தில் கிடக்கும் படங்களில் பெரும்பாலும் கரும்பு வெல்லம்தான். நான் அடித்த சொல்லுக்கு அது கொடுத்தது சரி, எங்கள் கடைக்குத்தான் பொய்.

இரண்டாவது தடவை, கடைக் கருப்பட்டியைப் போனில் படம் பிடித்து அதையே முதல் காட்சியாகக் கொடுத்தேன். மரத்துக்கு `palmyra palm, fan-shaped leaves` என்று மாற்றினேன். பனை ஓரளவு பனையாக வந்தது. கருப்பட்டியும் அசையாமல் இருக்கும்வரை நம்முடையதுதான். ஒரு கை வந்து அதை உடைத்ததும் உள்ளே மறுபடி பொன்னிறம், மினுமினுப்பு. படத்தில் இருந்தது வெளிப்பக்கம் மட்டும்தானே, உள்பக்கத்தை அது தானாக இட்டு நிரப்பிக்கொண்டது. ஆச்சி பார்ப்பதோ அந்த உள்பக்கத்தை.

அப்புறம் உடைக்கிற காட்சியைக் கடை வாசலில் போனிலேயே எடுத்தோம், வெயிலில், பெரியப்பாவின் கையை வைத்து. பனையேறி பதநீர்க் கலயத்தோடு இறங்குவதை விடியற்காலையில் தோப்புக்கே போய் எடுத்தேன். கலயத்தின் உள்ளே தடவிய சுண்ணாம்பு வெள்ளையாகத் தெரிகிறது. அது இல்லாவிட்டால் பதநீர் புளித்துக் கள்ளாகிவிடும், வாங்குகிறவர்களுக்கு அதுவும் தெரியும். கடைப் பெயர் வரும் கடைசி 3 விநாடிக்கு மட்டும் ஏஐ செய்த பின்னணி.

அடுத்த வாரம் ஆச்சி வந்தபோது பெரியப்பா போனை நீட்டினார். கருப்பட்டி உடையும் இடத்தில் நிறுத்தச் சொல்லி, கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

"இது ஒன் சரக்கு. ரெண்டு கிலோ போடுய்யா."