“கட்டணம்: இல்லை” என்று போட்ட அட்டவணையை நம்பலாமா?

கேள்வி: மகன் மெக்கானிக்கல் இறுதியாண்டு. சி.ஜி.பி.ஏ 7.8. ஜெர்மனியில் எம்.எஸ். படிக்க வைக்கலாம் என்று ஒரு கன்சல்டன்சிக்குப் போனோம். கட்டணம், கடைசித் தேதி, தகுதி, ஸ்காலர்ஷிப் என்று பல்கலைக்கழகங்களை ஒப்பிட்டு ஓர் அட்டவணை கொடுத்தார்கள். பாதிக்கு மேல் “கட்டணம்: இல்லை” என்றே இருக்கிறது. 60,000 ரூபாய் கட்டினால் விண்ணப்ப வேலையெல்லாம் அவர்களே பார்த்துக்கொள்வார்களாம். இதை வைத்து முடிவெடுக்கலாமா? – ஒரு தந்தை, ஈரோடு

பதில்: அந்த அட்டவணையில் ஒவ்வொரு வரிசையும் பல்கலைக்கழகத்தின் பெயரில் தொடங்குகிறதா, படிப்பின் பெயரில் தொடங்குகிறதா என்று முதலில் பாருங்கள். பல்கலைக்கழகத்தின் பெயர் மட்டும்தான் இருக்கிறதென்றால் பணம் கட்ட வேண்டாம். ஜெர்மனியில் கட்டணம், தேதி, தகுதி மூன்றுமே படிப்புக்குப் படிப்பு மாறும்.

“இல்லை” என்ற சொல்லையே எடுத்துக்கொள்வோம். அரசுப் பல்கலைக்கழகங்கள் பலவற்றில் இன்றும் கல்விக் கட்டணம் கிடையாது என்பது உண்மைதான். ஆனால் பாடன்-வுர்ட்டம்பெர்க் மாநிலம் 2017 குளிர்காலப் பருவத்திலிருந்து ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வருபவர்களிடம் செமஸ்டருக்கு 1,500 யூரோ வாங்குகிறது. ஸ்டுட்கார்ட், கார்ல்ஸ்ரூ, ஹைடல்பெர்க் எல்லாம் அந்த மாநிலத்தில்தான் இருக்கின்றன. மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமும் 2024 குளிர்காலப் பருவத்திலிருந்து கட்டணம் கொண்டுவந்துவிட்டது. அங்கே பெரும்பாலான முதுநிலைப் படிப்புகளுக்கு செமஸ்டருக்கு 4,000 அல்லது 6,000 யூரோ. பழைய அட்டவணையைத் தேதி பார்க்காமல் நகலெடுத்துக் கொடுக்கும் இடங்களில் மியூனிக் இன்னும் இலவசம்தான்.

நான்கு செமஸ்டருக்குக் கணக்குப் போட்டால் வித்தியாசம் தெரியும். ஸ்டுட்கார்ட்டுக்கு 6,000 யூரோ. மியூனிக்கில் உங்கள் மகன் சேரும் படிப்பு 6,000 யூரோ வகையில் வந்தால் 24,000. யூரோ 100 ரூபாய் என்று வைத்துக்கொண்டாலே இரண்டுக்கும் நடுவே 18 லட்சம். ஆஹன் நகரின் ஆர்.டபிள்யு.டி.எச். பல்கலைக்கழகத்தில் வழக்கமான முதுநிலைப் படிப்புகளுக்குக் கல்விக் கட்டணம் இல்லை. மாணவர் சேவைகளுக்காக எல்லோரும் கட்டும் செமஸ்டர் கான்ட்ரிபியூஷன் மட்டும்தான். அங்கேயும் ஒரு கொக்கி உண்டு. அதே பெயரைத் தாங்கிய ‘இன்டர்நேஷனல் அகாடமி’ நடத்தும் ஆங்கில வழி எம்.எஸ்சி. படிப்புகளுக்கு செமஸ்டருக்குப் பல ஆயிரம் யூரோ ஆகும். படிப்பின் முழுப் பெயர் இல்லாவிட்டால் எது இலவசம், எது காசு என்று உங்களால் கண்டுபிடிக்கவே முடியாது.

விசாவுக்காக முன்கூட்டியே வங்கியில் போட்டுக் காட்ட வேண்டிய பிளாக்டு அக்கவுண்ட் பணத்தைக் கட்டணப் பத்தியில் சேர்த்திருந்தால் அதைத் தனியே பிரித்துவிடுங்கள். ஒரு வருடத்துக்கு 11,904 யூரோ என்பது 2024 செப்டம்பரில் வந்த கணக்கு. பணம் அனுப்புமுன் தூதரகப் பக்கத்தில் ஒருமுறை சரிபாருங்கள். அது உங்கள் மகனின் சாப்பாட்டுக்கும் வாடகைக்கும் மாதாமாதம் அவன் கைக்கே திரும்பி வரும் பணம், கட்டணம் அல்ல.

தகுதிப் பத்தியில் “7.5க்கு மேல்” என்று போட்டிருந்தால் அதைப் பொருட்படுத்த வேண்டாம். நம் மதிப்பெண்ணை ஜெர்மன் மதிப்பெண்ணாக மாற்றித்தான் பார்ப்பார்கள். அதற்கான சூத்திரம் இது:

```
1 + 3 × (Nmax − Nd) / (Nmax − Nmin)
```

Nmax என்பது அதிகபட்ச மதிப்பெண், Nd உங்கள் மகன் வாங்கியது, Nmin தேர்ச்சிக்கான குறைந்தபட்சம். தேர்ச்சி மதிப்பெண் 5 என்றால் 7.8க்கு 2.32 வரும். அதையே 4 என்று எடுத்தால் 2.1 ஆகிவிடும். அங்கே 1 என்பதுதான் உயர்ந்தது, எண் கூடக் கூட மதிப்பு இறங்கும். 2.2க்குள் கேட்கும் படிப்பாக இருந்தால் இந்த ஒரு எண்ணிலேயே விண்ணப்பம் உள்ளேயோ வெளியேயோ போய்விடும். ஆகவே பல்கலைக்கழகம் தரும் மார்க் ஷீட்டின் பின்பக்கத்தில் கிரேடு விளக்கம் எப்படி அச்சாகியிருக்கிறது என்று இன்றே பாருங்கள்.

மதிப்பெண்ணை விடப் பெரிய தடை இன்னொன்று. கணிதம், மெக்கானிக்ஸ், தெர்மோடைனமிக்ஸ் என்று ஒவ்வொன்றிலும் இத்தனை கிரெடிட் படித்திருக்க வேண்டும் என்று படிப்பின் விதிமுறையில் போட்டிருப்பார்கள். 8.9 வாங்கிய பையனும் இங்கே விழுவதுண்டு. இந்தியா போன்ற சில நாடுகளின் பட்டதாரிகளிடம் ஜி.ஆர்.இ. நுழைவுத் தேர்வு மதிப்பெண் கேட்கும் படிப்புகளும் இருக்கின்றன. இந்த இரண்டுக்கும் உங்கள் அட்டவணையில் இடமே இருக்காது என்று நினைக்கிறேன். ஐ.இ.எல்.டி.எஸ். மட்டும் கொட்டை எழுத்தில் இருக்கும்.

தேதிக்கு வருவோம். அக்டோபரில் தொடங்கும் படிப்புக்கு ஆஹனில் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியே உள்ளவர்களுக்குப் பல முதுநிலைப் படிப்புகளில் கடைசி நாள் மார்ச் 1. மியூனிக்கில் பலவற்றுக்கு மே 31. ஜூலை 15 என்று போட்டிருந்தால் சந்தேகப்படுங்கள். பல இடங்களில் அது ஜெர்மானியர்களுக்கும் ஐரோப்பியர்களுக்கும் உள்ள தேதி. அதோடு, கடைசி நாள் என்பது பொத்தானை அழுத்தும் நாள்தான். அதற்கு முன்னால், நம் கல்விச் சான்றுகளைச் சரிபார்த்து ஜெர்மன் தரப்பு தரும் ஏ.பி.எஸ். சான்றிதழ் கையில் இருக்க வேண்டும். 2022 நவம்பரிலிருந்து இந்திய மாணவர்களின் விசாவுக்கு அது கட்டாயம், கட்டணம் 18,000 ரூபாய், வர வாரக்கணக்கில் ஆகும். வெளிநாட்டு விண்ணப்பங்களைப் பல்கலைக்கழகங்களுக்காகச் சரிபார்க்கும் யூனி-அசிஸ்ட் அமைப்பு வழியாக அனுப்பச் சொல்லும் பல்கலைக்கழகம் என்றால் அவர்கள் சரிபார்க்கவும் சில வாரங்கள் விடவேண்டும். மார்ச் 1ஐக் குறிவைக்கிறவர் முந்தைய செப்டம்பர், அக்டோபரிலேயே ஏ.பி.எஸ்.ஸுக்குப் போட்டுவிடுவது நல்லது.

ஸ்காலர்ஷிப் பத்தியைக் கணக்கில் சேர்க்காதீர்கள். டாய்ச்லாண்ட்ஸ்டிபெண்டியம் மாதம் 300 யூரோ தருகிறது என்பது சரி. பெரும்பாலும் சேர்ந்த பிறகுதான் அதற்கு விண்ணப்பிக்க முடியும். ஜெர்மன் கல்விப் பரிமாற்ற அமைப்பான டி.ஏ.ஏ.டி. தரும் உதவித்தொகைகள் பலவற்றுக்குப் பல்கலைக்கழக விண்ணப்பம் திறப்பதற்கு முன்பே கதவு சாத்திவிடும்.

இனி அந்த 60,000. யூனி-அசிஸ்ட் ஒரு பருவத்தில் முதல் விண்ணப்பத்துக்கு 75 யூரோவும் அடுத்த ஒவ்வொன்றுக்கும் 30 யூரோவும் வாங்குகிறது. ஐந்து இடங்களுக்குப் போட்டால் 195 யூரோ, சுமார் 19,500 ரூபாய். இதை அந்த 60,000 உள்ளடக்கியதா, இல்லையா என்று எழுத்தில் கேளுங்கள். இலவச அரசுப் பல்கலைக்கழகங்களுக்கு நடுவே இரண்டு மூன்று தனியார் பெயர்கள் செருகியிருக்கிறதா என்றும் பாருங்கள். மாணவரைச் சேர்த்துவிட்டால் தனியார் நிறுவனங்கள் பல ஏஜென்டுக்குக் கமிஷன் கொடுக்கும். அரசுப் பல்கலைக்கழகங்களிடமிருந்து அப்படி எதுவும் வராது. “அரசில் சீட் கிடைக்கவில்லை, இதில் உறுதி” என்று ஏப்ரலில் போன் வருவது இதனால்தான். இந்தத் தனியார் பெயர்களை, கல்வி நிறுவனங்களின் அங்கீகாரத்தைக் காட்டும் ஜெர்மனியின் அனபின் தளத்தில் தேடி, அங்கீகாரம் உண்டு என்பதற்கான ‘H+’ குறி இருக்கிறதா பாருங்கள்.

கன்சல்டன்சியிடம் போய் ஒவ்வொரு வரிசையிலும் படிப்பின் முழுப் பெயர், பல்கலைக்கழகத்தின் அந்தப் படிப்புப் பக்கத்து முகவரி, அதைப் பார்த்த தேதி மூன்றையும் நிரப்பித் தரச் சொல்லுங்கள். நிரப்பித் தந்தால் பேச்சை மேலே தொடரலாம். அப்போதும் யூனி-அசிஸ்ட் கணக்கு உங்கள் மகனின் சொந்த மின்னஞ்சலில், அவனுக்குத் தெரிந்த பாஸ்வேர்டில்தான் திறக்கப்பட வேண்டும். அவர்கள் மின்னஞ்சலில் திறந்தால், குறைபாடு இருக்கிறது என்று வரும் கடிதம் உங்கள் கண்ணில் படும்போது கடைசித் தேதி தாண்டியிருக்கும்.