சாம்பிளைப் போலவே சரக்கு வரும் என்று மெயில் போட்டுவிட்டேன்

*வக்கீல் சாருக்கு வணக்கம். மண்டபத்தில் காய்ந்த கடல்பாசி வாங்கி ஏற்றுமதி செய்கிறேன். சீன வியாபாரி ஒருவருக்கு மே மாதம் 2 கிலோ சாம்பிள் அனுப்பினேன். பிடித்துப்போனது. "சாம்பிளைப் போலவே சரக்கு வரும், டன் 1,200 டாலர், சிஐஎஃப், டி/பி" என்று மெயில் போட்டேன். "ஓகே, அனுப்புங்கள்" என்று பதில் வந்தது. நவம்பரில் தூத்துக்குடியில் 20 டன் ஏற்றினேன். அப்போது அவர் கேட்டதால் இன்னொரு சாம்பிளும் கூரியரில் போட்டேன். கப்பல் போன பிறகு, முதல் சாம்பிளில் ஈரப்பதம் 35 சதவீதம், இரண்டாவதில் 41 என்கிறார். பேங்கில் பேப்பரை எடுக்க மறுக்கிறார். விலையில் 25 சதவீதம் குறை, இல்லையென்றால் 60 நாள் கடனுக்குப் பேப்பரை விடு என்கிறார். எங்கள் வீட்டில் உட்கார்ந்து சாப்பிட்டுப் போன மனிதர் சார். வீட்டு நகையை அடகு வைத்துச் சரக்கு எடுத்தேன். ராமநாதபுரத்தில் கேஸ் போடலாமா?*

வீட்டில் சாப்பிட்டதும் நகை அடகும் கோர்ட்டில் எடுபடாது. உங்கள் மெயிலில் இருக்கும் "சாம்பிளைப் போலவே" என்ற சொல்தான் இந்த வழக்கு. மெயிலில் பேசி முடித்த ஒப்பந்தம் செல்லும். அதில் சண்டைக்கு இடமில்லை. 1930 சரக்கு விற்பனைச் சட்டத்தின் 17ஆம் பிரிவுப்படி, சாம்பிளைக் காட்டி விற்றால் மொத்தச் சரக்கும் தரத்தில் அந்தச் சாம்பிளோடு ஒத்துப்போக வேண்டும். ஈரப்பதம் இத்தனை சதவீதம் வரை என்று நீங்கள் எழுதியிருந்தால் அந்த எண் அளவுகோலாகியிருக்கும். எழுதாததால் அந்த 2 கிலோ பாசியே அளவுகோல். அது இப்போது அவர் கையில் இருக்கிறது. அதே பாசியில் ஒரு பிடியைச் சீல் வைத்து நீங்கள் எடுத்து வைத்திருந்தால் அவருடைய 35-ஐயே கேள்வி கேட்கலாம். வைத்ததாகக் கடிதத்தில் இல்லை.

மே வெயிலில் வலையில் காயவைத்த பாசியும் நவம்பரில் கட்டிய பேலும் ஒன்றாக இருக்காது. பாசியில் உப்பு நிறைய இருப்பதால், காய்ந்த பிறகும் அடைமழைக் காலத்துக் காற்றிலிருந்து ஈரத்தை இழுத்துக்கொள்ளும். இது உங்களுக்குத் தெரிந்ததுதான். அதனால்தான் இரண்டாவது சாம்பிள் உங்களுக்கு எதிரான பலமான சாட்சியாகிறது. அதை நீங்களே எடுத்து, உங்கள் பெயரில் கூரியர் போட்டு, ரிசல்ட் வரும்வரை கன்டெய்னரை நிறுத்தாமல் கப்பலேற்றிவிட்டீர்கள். ஏற்றும்போது கேட்கிற சாம்பிள் எதற்கு என்றால், அதைப் பார்த்துச் சரி என்று வாங்குபவர் மெயில் போட்ட பிறகு கப்பலேற்றத்தான்.

உங்கள் பக்கமும் ஒரு நல்ல வாதம் இருக்கிறது. கப்பல் கூலியும் இன்சூரன்ஸும் விலையில் அடங்கிய சிஐஎஃப் விற்பனையில் ஒப்பந்தப்படியான பேப்பர்கள் வந்தால் வாங்குபவர் பணம் கட்டி அவற்றை எடுத்தாக வேண்டும். தரத்தில் குறை இருந்தால் அதைத் தனியாகக் கேட்கலாம். சாம்பிள் ரிசல்ட்டைச் சொல்லிப் பேப்பரையே மறுப்பது அவர் செய்யும் ஒப்பந்த மீறல் என்று வாதாடலாம். ஆனால் எந்த நாட்டுச் சட்டம், எந்த மன்றம், ஆர்பிட்ரேஷன் உண்டா இல்லையா என்று உங்கள் மெயிலில் ஒரு வரிகூட இல்லை. ராமநாதபுரத்தில் டிகிரி வாங்கினாலும் அதைச் சீனாவில் நிறைவேற்ற எளிய வழி கிடையாது. கேஸ் முடிவதற்குள் பாசி பூசணம் பிடித்துவிடும்.

இனி நான் சொல்வதைக் கவனமாகப் படியுங்கள். என் கிளையண்டுகள் பணத்தைத் தொலைப்பது இந்த இடத்தில்தான். 25 சதவீதம் என்பது வெறும் பேரம். ஆபத்து அந்த 60 நாள் கடனில் இருக்கிறது. இன்றைக்கு டி/பி என்பதால், பணம் கட்டாமல் பேங்க் பேப்பரைக் கொடுக்காது. பேப்பர் இல்லாமல் சரக்கு வெளியே வராது. உங்கள் கையில் இருக்கும் ஒரே பிடி இதுதான். அவர் கேட்கும் 60 நாள் கடனுக்காக டி/ஏ-வுக்கு மாற்றச் சொல்லி உங்கள் பேங்குக்கு ஒரு லெட்டர் கொடுத்தால், அவர் பில்லில் கையெழுத்துப் போட்டுப் பேப்பரை வாங்கிச் சரக்கை எடுத்துப் போய்விடுவார். அறுபதாம் நாள் 41 சதவீதக் கதையை மறுபடி ஆரம்பிப்பார். அப்போது பாசி ஆலைக்குள் போயிருக்கும், மறு டெஸ்டுக்கு ஒரு பேல்கூட மிஞ்சாது. அந்தக் கையெழுத்தை வைத்து அவர் ஊரில் கேஸ் போடலாம்தான், செலவு உங்கள் சரக்கு மதிப்பைத் தின்றுவிடும். வாங்குபவர் பணம் தராவிட்டால் ஈடு கொடுக்கும் இசிஜிசி பாலிசி எடுத்திருந்தாலும், வாங்குபவர் தரத் தகராறு கிளப்பிவிட்டால் அது தீரும்வரை கிளெய்ம் நகராது.

அதற்காக இறுக்கிப் பிடித்துக்கொண்டு உட்காரவும் முடியாது. துறைமுகத்தில் கன்டெய்னர் கட்டணமில்லாமல் நிற்கும் ஃப்ரீ டேஸ் முடிந்ததும், தாமதக் கட்டணமான டெமரேஜ் ஓடத் தொடங்கும். வாங்குபவர் எடுக்காவிட்டால் கப்பல் லைன் அந்த பில்லை ஷிப்பரான உங்களிடம்தான் நீட்டும். லைன் கொடுத்த சரக்கு ரசீதான பில் ஆஃப் லேடிங்கின் பின்பக்கப் பொடி எழுத்தில் அது இருக்கிறது. இன்றே ஃபார்வர்டரிடம் ஃப்ரீ டேஸ் எத்தனை பாக்கி என்று கேளுங்கள். பில் ஆஃப் லேடிங்கில் சரக்கைப் பெறுபவர் பெயர் எழுதும் கன்சைனி கட்டத்தையும் பாருங்கள். "டு ஆர்டர்" என்றிருந்தால் அதே துறைமுகத்தில் வேறு ஆளுக்கு விற்க வழி உண்டு. இவர் பெயரே இருந்தால் அந்த வழி மிகவும் குறுகிவிடும், இவரோடுதான் பேசியாக வேண்டும்.

எனவே ராஜியாகப் போங்கள், ஆனால் அவர் சொல்லும் 25-க்குப் போகாதீர்கள். பாசியிலிருந்து உணவைக் கெட்டியாக்கும் கராஜீனன் எடுப்பவருக்குத் தேவை உலர்ந்த பொருள். 35 சதவீத ஈரத்தில் 20 டன்னில் உலர்ந்தது 13 டன். 41 சதவீதத்தில் 11.8 டன். குறைவு 1.2 டன், அதாவது சுமார் 9.2 சதவீதம். 24,000 டாலர் இன்வாய்ஸில் இது ஏறக்குறைய 2,200 டாலர். அவர் கேட்பது 6,000. இந்தக் கணக்கை அப்படியே மெயிலில் வையுங்கள். டெமரேஜை நினைத்து 3,000 வரை இறங்கலாம். அதற்கு மேல் கேட்டால், துறைமுகத்தில் இருவருக்கும் பொதுவான சர்வேயர் பல பேல்களில் சாம்பிள் எடுக்கட்டும் என்று சொல்லுங்கள். கூரியரில் போன பாக்கெட் காற்றுப் புகாமல் கட்டியதா என்ற கேள்வியும் அங்கே வரும்.

குறைப்பு எதுவானாலும் டி/பி அப்படியே நிற்க வேண்டும்: குறைத்த தொகையைக் கட்டிப் பேப்பரை எடு, இத்தனாம் தேதிக்குள், இதோடு எல்லாக் கோரிக்கையும் முடிந்தது. இந்தப் பேரம் உங்கள் உரிமையைப் பாதிக்காது என்று காட்ட மெயிலின் தலையில் "வித்தவுட் பிரெஜுடிஸ்" என்று போடுங்கள். வாட்ஸ்அப்பில் "மழை சார், கொஞ்சம் ஈரம் ஏறிடுச்சு" என்று எழுதிவிடாதீர்கள். அந்த ஒரு வரி ஒப்புதலாகிவிடும். ஏற்கெனவே எழுதியிருந்தால் அழிக்காமல் எனக்கு அனுப்புங்கள். இன்வாய்ஸ் தொகையைக் குறைக்கும் முன் உங்கள் பேங்கில் எழுதிக் கொடுத்துச் சம்மதம் வாங்குங்கள். இல்லாவிட்டால் ஏற்றுமதிக் கணக்கில் அந்தப் பாக்கி வராத பணமாகவே நிற்கும்.

அடுத்த ஆர்டருக்கு மெயில் போடும்போது "சாம்பிளைப் போலவே" என்ற சொல்லை விட்டுவிடுங்கள். சாம்பிள் பார்வைக்கு மட்டும் என்று எழுதி, ஈரப்பதம், மணல், உப்பு ஆகியவற்றுக்கு உச்ச வரம்பு எண்ணில் கொடுங்கள். தூத்துக்குடியில் ஏற்றும்போது இன்ன ஆய்வகம் கொடுக்கும் சான்றே இறுதி என்றும், வரம்புக்கு மேல் போகும் ஒவ்வொரு சதவீத ஈரத்துக்கும் விலை இவ்வளவு குறையும் என்றும் சேருங்கள். 30 சதவீதம் முன்பணம், மீதி டி/பி. முன்பணம் கணக்கில் ஏறாமல் பேல் கட்டாதீர்கள்.