குளுக்கோமீற்றர் பற்றரி இரண்டு மாதத்தில் முடிகிறதா?

"ஐயா, அம்மா ஒருநாளைக்கு இரண்டு தரம் சீனி பார்க்கிறவ. மெஷினோடு வந்த பற்றரி ஒன்றரை வருடத்துக்குக் கிட்ட நின்றது. பிறகு கடையில் ஒரு டப்பாவுக்குள் இருந்து எடுத்துத் தந்த பற்றரிகள் இரண்டு மாதம்கூட நிற்கவில்லை. மெஷின் பழுது, புதிதாக வாங்குங்கோ என்கிறார்கள். என் கைமணிக்கூடும் பற்றரி மாற்றிச் சில மாதத்தில் நின்றுவிட்டது. எதைப் பார்க்க வேண்டும்?" சாவகச்சேரியில் இருந்து ஒரு வாசகி.

மெஷினை எறிய வேண்டாம். இந்தக் கருவிகள் பலவற்றில் ஒரு பற்றரிக்கு ஏறக்குறைய 1000 சோதனை என்று கையேட்டில் போட்டிருப்பார்கள். நாளுக்கு இரண்டு என்றால் 500 நாள். முதல் பற்றரி அந்தக் கணக்குப்படிதான் உழைத்திருக்கிறது. இரண்டு மாதம் என்பது வெறும் 120 சோதனை. ஒரே கருவியில் இவ்வளவு வித்தியாசம் வந்தால் முதலில் பற்றரியைத்தான் சந்தேகிக்க வேண்டும். அதுவும் டப்பாவுக்குள் இருந்து வந்தது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள்.

முதலில் இலக்கத்தைப் பாருங்கள். மூடியைக் கழற்றினால் பற்றரியின் பிளஸ் பக்கத்தில் எழுத்து வெட்டியிருக்கும். வெளிச்சத்துக்குச் சரித்துப் பிடித்தால் வாசிக்கலாம். சீனி பார்க்கும் கருவிகளில் பெரும்பாலும் CR2032 இருக்கும். CR என்றால் லித்தியம் வகை, 3 வோல்ற். 20 என்பது விட்டம், மில்லிமீற்றரில். 32 என்பது தடிப்பு, 3.2 மில்லிமீற்றர். இதே அகலத்தில் CR2025 என்று ஒன்று இருக்கிறது. தடிப்பு 2.5 மில்லிமீற்றர்தான், கொள்ளளவும் குறைவு. கைக்கு வந்ததை எடுத்துத் தரும் கடையில் இது மாறி வந்துவிடும். வைத்தால் கச்சிதமாக உட்காரும், கருவியும் வேலை செய்யும். ஆனால் இடையில் 0.7 மில்லிமீற்றர் இடைவெளி இருப்பதால் தொடுகை தளரும். சிலர் அதற்குள் சிகரெட் பெட்டி ஈயத்தாளை மடித்து வைக்கிறார்கள், அதைச் செய்யாதீர்கள். தாள் நகர்ந்து பிளஸையும் மைனஸையும் தொட்டால் பற்றரி ஒரேயடியாகத் தீர்ந்துவிடும்.

இலக்கம் சரியாக இருந்தால், அடுத்தது அது கடையில் கிடந்த விதம். லித்தியம் பற்றரி நல்ல பொருள். சாதாரண அறை வெப்பத்தில் வருடத்துக்கு நூற்றுக்கு ஒரு பங்கு அளவில்தான் தானாகக் குறையும். ஆகவே அட்டையில் சீல் உடையாமல் மூன்று வருடம் இருந்தாலும் பயமில்லை. அட்டையின் பின்பக்கத்தில் உள்ள திகதியைப் பார்த்து வாங்கினால் போதும். கெடுப்பது வெக்கையும், பற்றரிகள் ஒன்றோடொன்று முட்டுவதும். தகரக் கூரைக்குக் கீழே, சித்திரை வெயில் விழும் கண்ணாடி அலுமாரியில் கிடந்தால் அந்தக் கணக்கு செல்லாது. டப்பாவுக்குள் கொட்டி வைப்பது அதைவிட மோசம். பற்றரியின் பக்கச் சுவர் முழுவதும் பிளஸ். பக்கத்தில் கிடப்பதன் மைனஸ் முகத்தில் அது முட்டி, இன்னொன்று குறுக்கே விழுந்தால் சுற்று பூர்த்தியாகிவிடும். பிறகு டப்பா மூடியிருக்கிறபோதே பற்றரிகள் வடிந்துகொண்டிருக்கும். உங்களுக்கு நடந்தது இதுதான் என்று நினைக்கிறேன். தனித்தனிக் குழியில் அடைத்த அட்டையில் இருந்து, உங்கள் கண்முன்னே கிழித்துத் தரச் சொல்லுங்கள்.

வீட்டில் மல்ரிமீற்றர் இருந்தால் வோல்ற் அளவில் வைத்துப் பாருங்கள். புதிய CR2032 வெறுமனே 3.2 வோல்ற் அளவில் காட்டும். 3 வோல்ற் காட்டுகிறதே என்று நம்பிவிட வேண்டாம், களைத்த பற்றரியும் சுமையில்லாமல் கிட்டத்தட்ட அவ்வளவு காட்டும். ஒரு கிலோ ஓம் றெசிஸ்ரரை இரு பக்கத்துக்கும் இணைத்துப் பத்து செக்கன் பாருங்கள். நல்லது சற்றே இறங்கி அப்படியே நிற்கும், களைத்தது இறங்கிக்கொண்டே போகும். சிலர் மீற்றரை அம்பியர் அளவில் வைத்து "பவர்" பார்ப்பார்கள். அது பற்றரியைக் குறுக்கிணைப்பதற்குச் சமம், நல்ல பற்றரியும் கெட்டுப்போகும்.

மூன்றாவது தொடுகை. மூடியை விரலால் அழுத்தும்போது கருவி உயிர்த்து, விட்டதும் அணைந்தால் குறை பற்றரியில் இல்லை, தகட்டில்தான். உள்ளே இரண்டு சின்னத் தகடுகள் இருக்கும். ஒன்று பற்றரியின் அடியை அல்லது முகத்தைத் தொடும், மற்றது ஓரத்தைத் தொடும். கடற்காற்றும் ஈரப்பதமும் உள்ள நம் ஊரில் அவை மங்கிப்போகும். காதுக்குச்சிப் பஞ்சில் ஸ்பிரிற்றைத் தொட்டுத் துடையுங்கள். மங்கல் போகாவிட்டால் அழிறப்பரால் மெதுவாக உரசி, தூளை ஊதிவிடுங்கள். மண்காகிதம் வேண்டாம், நிக்கல் பூச்சு உரிந்தால் துரு இன்னும் வேகமாகப் பிடிக்கும். தகடு அமுங்கிப் போயிருந்தால் பல்லுக்குச்சியால் மயிரளவு நிமிர்த்தலாம். ஸ்ரிப் போடும் துவாரத்துக்குள் மட்டும் எந்த ஈரமும் போகக்கூடாது.

இன்னொன்று. பிள்ளைகள் வாயில் வைத்தால் துப்பவேண்டும் என்று சில CR2032 பற்றரிகளின் மைனஸ் பக்கத்தில் கசப்புப் பூச்சு பூசி வருகிறது. நல்ல யோசனைதான். ஆனால் கருவியின் தகடு அந்தப் பூச்சின் மேல் விழுந்தால் தொடுகை வராது. புதிய பற்றரி போட்டதும் வேலை செய்யாவிட்டால் பூச்சில்லாத ஒன்றைப் போட்டுப் பாருங்கள்.

உங்கள் கைமணிக்கூட்டின் கதை வேறு. அங்கே எழுத்துத்தான் பிரச்சினையாக இருக்கும். பலவற்றுக்கு வேண்டியது SR626SW, 377 என்றும் போட்டிருக்கும். அது வெள்ளி ஒக்சைட், 1.55 வோல்ற்றை முடிவுவரை ஒரே மட்டத்தில் தரும். மலிவாகக் கிடைக்கும் LR626 அல்லது AG4 அதே அளவுதான், ஆனால் அல்கலைன். கொள்ளளவு குறைவு, வோல்ற்றும் நாளுக்கு நாள் சரியும், முடிந்த பின் உள்ளே விட்டால் ஒழுகி இயந்திரத்தையும் கெடுக்கும். அடுத்த முறை 377 என்று கேளுங்கள். காய்ச்சல் பார்க்கிற தேர்மோமீற்றருக்கு LR41 போதும், அது நாளுக்குச் சில நிமிடம்தானே வேலை செய்கிறது.

புதிய பற்றரி போட்டதும் கருவியின் திகதி, நேரத்தைச் சரிபாருங்கள். கிளினிக்கில் டொக்டர் பார்ப்பது அந்தப் பதிவைத்தான். பழைய பற்றரியின் இரு பக்கமும் ரேப் ஒட்டி, சின்னப் பிள்ளைகளுக்கு எட்டாத இடத்தில் வையுங்கள். 20 மில்லிமீற்றர் பற்றரி பிள்ளையின் தொண்டைக்குக் கீழே சிக்கினால் இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே உணவுக்குழாயை எரித்துவிடக்கூடும். விழுங்கியது என்ற சந்தேகமே போதும், வாந்தி எடுக்க வைக்காமல் உடனே யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலைக்குக் கொண்டுபோக வேண்டும்.

இவ்வளவும் செய்து, அட்டையில் இருந்து எடுத்த பற்றரியும் இரண்டு மாதத்தில் முடிந்தால்தான் மெஷினைக் குறை சொல்லலாம். ஏறக்குறைய 220 மில்லி அம்பியர் மணி கொள்ளளவை 60 நாளில் முடிக்க, கருவி இரவும் பகலும் 150 மைக்ரோ அம்பியர் இழுக்க வேண்டும். அணைந்திருக்கும் கருவி அதில் மிகச் சிறு பங்கைத்தான் இழுக்க வேண்டும். இலத்திரனியல் திருத்துகிறவர் மீற்றரைத் தொடரில் போட்டு ஐந்து நிமிடத்தில் சொல்லிவிடுவார். மாற்றத்தான் வேண்டும் என்றால் அதே மொடலை வாங்குங்கள், இல்லாவிட்டால் கையில் மிஞ்சியிருக்கும் ஸ்ரிப் பெட்டியும் வீண்.