பத்திரத்தில் 2.14, உழுதது 2.41: நடுவில் நிற்கும் 27 சென்ட்

(நில அளவைத் துறையில் சர்வேயராக இருந்து ஓய்வுபெற்றவர், வந்த கேள்விகளுக்குப் பதில் சொல்கிறார்.)

கேள்வி: ஐயா, அப்பா இறந்தபிறகு பாகம் பிரிக்கப் பத்திரத்தை எடுத்தோம். நாங்கள் உழுகிற நிலத்தைவிடப் பத்திரத்தில் அளவு குறைவாக இருக்கிறது. முதலில் எதைப் பார்க்க வேண்டும்?

பதில்: இதே மாதிரி ஒரு குடும்பத்துக்கு நான் அளந்திருக்கிறேன் அம்மா, அதையே சொல்கிறேன். அண்ணன், தம்பி, அவர்களுடைய அம்மா என்று மூன்று பேர். அப்பா 1974-இல் கிரயம் வாங்கிய நிலம், பத்திரத்தில் 2 ஏக்கர் 14 சென்ட். பாகத்துக்காக அண்ணன் டேப் பிடித்துப் பார்த்தபோது 2 ஏக்கர் 41 சென்ட் வந்தது. 27 சென்ட் கூடுதல்.

தம்பிக்கு ஒரே சந்தோஷம், அண்ணனுக்குத்தான் தூக்கம் போய்விட்டது.

நான் அவர்களிடம் கேட்டது ஒன்றுதான்: அந்த 27 சென்ட் எந்தப் பக்கத்தில் இருக்கிறது? கூடுதல் என்று மொத்தமாகப் பேசினால் எதுவும் பிடிபடாது. புல வரைபடத்தை (எஃப்.எம்.பி. என்று கேட்டால்தான் ஆபீஸில் சட்டென்று புரியும்) எடுத்து வைத்துக்கொண்டு ஒவ்வொரு எல்லையாகப் போக வேண்டும். பட்டாவும் இந்த வரைபடமும் eservices.tn.gov.in-இல் கிடைக்கும். பட்டாவில் ஹெக்டேர், ஏர் என்று இருக்கும், ஒரு ஏர் என்பது ஏறக்குறைய இரண்டரை சென்ட். அவர்கள் பட்டாவில் 0.86.5 இருந்தது, அதாவது பத்திரத்தோடு ஒத்துப்போகிறது. ஆக, காகிதத்தில் பிழை இல்லை, வரப்புதான் எங்கேயோ நகர்ந்திருக்கிறது.

மேற்குப் பக்கம் கல்லைத் தேடினோம். வரப்பில் இல்லை. அந்த அம்மாதான் கையில் களைக்கொத்தோடு வந்து, "அந்தப் பனைமரத்தடியில எங்க மாமனார் ஒரு கல்லக் காட்டுவாருப்பா" என்றார். முழங்கால் ஆழம் தோண்டினோம், வேர் சுற்றிப்போய்க் கல் தலையில் அம்புக்குறியோடு இருந்தது. இப்போதைய வரப்புக்கு 4.4 மீட்டர் கிழக்கே, அவர்கள் நிலத்துக்குள்ளேயே! முந்தைய கிளுவை வேலி பட்டுப்போனபிறகு புது வேலியைக் கண்ணளவில் தள்ளி நட்டிருக்கிறார்கள். வயல் தெற்கு வடக்காக 110 மீட்டர், பெருக்கிப் பார்த்தால் 12 சென்ட். பக்கத்து நிலத்துக்காரர் பத்திரத்தில் 3.02 ஏக்கர், தரையில் 2.90 தான். நம் கூடுதலும் பக்கத்தவர் குறைவும் இப்படிச் சரியாகப் பொருந்தினால் அதற்குமேல் சாட்சி வேண்டாம்.

மீதி 15 சென்ட் கிழக்கே. வரைபடத்தில் ஓடை ஒன்பது மீட்டர் அகலம், தரையில் மூன்றரைதான் மிச்சம்.

கேள்வி: பத்திரத்தில் அளவைவிட நான்கெல்லைதான் பெரிது. எல்லைக்குள் இருப்பதெல்லாம் வாங்கியவருக்கே சொந்தம். நீங்கள் ஏன் அதைச் சொல்லவில்லை?

பதில்: பாதி சரி தம்பி. அளவும் எல்லையும் முரண்பட்டால் பொதுவாக எல்லையைத்தான் நீதிமன்றம் எடுத்துக்கொள்ளும். ஆனால் விற்றவருக்கு இல்லாததை அவர் எப்படி விற்பார்? இவர்கள் பத்திரத்தில் "கிழக்கே ஓடை" என்று இருந்தது. ஓடையின் கரை வரைக்கும் இவர்களுடையது, சரி. எந்தக் கரை? வாங்கின நாளில் இருந்த கரை. பிறகு மண் கொட்டி ஓடையைச் சுருக்கிவிட்டு, தண்ணீர் ஓடுகிற இடம்தான் எல்லை என்று சொல்ல முடியாது. மேற்கே "இன்னார் நிலம்" என்றுதான் இருந்தது, அந்த நிலம் எங்கே தொடங்குகிறது என்பதைக் கல்தான் சொல்லும். நான்கு பக்கமும் ரோடு, பழைய கிணறு, கோயில் சுவர் என்று அசையாத எல்லையாக இருந்தால் உங்கள் பேச்சு எடுபடும்.

கேள்வி: 12 வருஷம் அனுபவித்தால் நமக்கே சொந்தம்தானே ஐயா?

பதில்: அந்தத் தம்பியும் இதையேதான் சொன்னார். அவருக்குப் பெரிய காரணமும் இருந்தது. அப்பா 1986-இல் வெட்டிய கிணறு அந்த 12 சென்டுக்குள் இருந்தது. மோட்டார், கரண்டு சர்வீஸ் எல்லாம் அங்கேதான். கிணறு போனால் மீதி இரண்டு ஏக்கரும் மானாவாரிதான்.

தனியார் நிலத்துக்கு 12 வருஷம் என்பது 1963 காலவரையறைச் சட்டத்தில் இருக்கிறது. ஆனால் சும்மா உழுதது மட்டும் போதாது, உரிமைக்காரருக்கு எதிராக, அவருக்குத் தெரியும்படி, இது என்னுடையது என்று வைத்திருக்க வேண்டும், எந்தத் தேதியிலிருந்து என்றும் நிரூபிக்க வேண்டும். இங்கே இரண்டு வீட்டாருமே வேலிதான் எல்லை என்று நம்பிக்கொண்டிருந்தார்கள். கிணறு வெட்டியது நல்ல சாட்சிதான், ஆனால் கரண்டு சர்வீஸுக்கு மனுப் போட்டபோது அப்பா தன்னுடைய சர்வே நம்பரைத்தான் எழுதியிருக்கிறார். பக்கத்து நிலம் என்று தெரிந்து எதிராக வைத்திருந்தார் என்று எப்படிச் சொல்வது? இதைத் தாசில்தாரிடம் கொண்டுபோயும் பயனில்லை, அனுபவ உரிமையைத் தீர்மானிப்பது சிவில் கோர்ட்தான். ஜெயித்திருப்பார்களா என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. வழக்கறிஞர்கள் இரண்டு பேர் இரண்டு விதமாகச் சொன்னார்கள்.

அந்த அம்மா பக்கத்துக்காரர் வீட்டுக்கே போய்விட்டார். கிணற்றோடு 12 சென்டை விலைபேசிக் கிரயம் எழுதி, உட்பிரிவு செய்து பட்டா வாங்கினார்கள். தன் அப்பா வெட்டின கிணற்றுக்கே பணம் கொடுப்பதா என்று தம்பி கையெழுத்துப் போடுகிற நாள் வரைக்கும் பேசவே இல்லை. அவர் வருத்தம் எனக்குப் புரிந்தது. ஆனாலும் அந்த அம்மா செய்ததுதான் சரி என்று இன்றைக்கும் நினைக்கிறேன்.

கேள்வி: எனக்கு நேர்மாறு சார். பத்திரத்தில் 1.60 ஏக்கர், பட்டாவில் 1.38 தான். பக்கத்துக்காரரிடம் நானும் வாங்க வேண்டுமா?

பதில்: இல்லைங்க, உங்களுடையது வேறு விஷயம். அங்கே வரப்பு நகர்ந்தது, உங்களுக்குக் காகிதமே குறைந்திருக்கிறது. 1979-லிருந்து 1987 வரை நிலப் பதிவேடுகளைப் புதுப்பித்தார்கள், அதற்குப் பெயர் யூ.டி.ஆர். அந்தப் பதிவில் இப்படி நிறையப் பிழைகள் ஏறின. அதற்கு முந்தைய பதிவேட்டு நகலையும் ஊரின் ஒவ்வொரு சர்வே நம்பருக்கும் அளவும் உரிமையாளரும் எழுதியிருக்கும் இப்போதைய அ-பதிவேட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். உங்கள் 22 சென்ட் பக்கத்து உட்பிரிவில் சேர்ந்திருந்தால் யூ.டி.ஆர். திருத்த மனுப் போடுங்கள். அது முடியும்வரை வரப்பைத் தொட வேண்டாம்.

கேள்வி: ஓடை ஓரம் நாங்களும் தாத்தா காலத்திலிருந்து பயிர் வைக்கிறோம். பி-மெமோ கட்டின ரசீது கட்டுக் கட்டாக இருக்கிறது. அதைக் காட்டினால் பட்டா கிடைக்கும்தானே?

பதில்: அந்த ரசீது உங்களுக்கு எதிரான சாட்சி அம்மா. பி-மெமோ என்பது ஆக்கிரமிப்புக்குப் போடுகிற தண்டத் தீர்வை. கட்டியதன் மூலம் நிலம் அரசாங்கத்துடையது என்று ஒவ்வொரு வருஷமும் ஒத்துக்கொண்டிருக்கிறீர்கள். அரசு நிலத்துக்குக் காலவரையறை 30 வருஷம் என்பார்கள், ஆனால் ஓடை, ஏரி, வாய்க்கால் புறம்போக்கில் அந்தக் கணக்கை நம்பி யாரும் வீடு கட்டக் கூடாது. அதற்குப் பட்டா தருவதில்லை.

கேள்வி: அந்தக் குடும்பம் கிழக்கே 15 சென்டை என்ன செய்தது?

பதில்: பாகத்தில் அதைச் சேர்க்கவில்லை, அதில் மட்டும் நான் கண்டிப்பாக இருந்தேன். 2.26 ஏக்கரை மட்டும் எழுதினார்கள். சேர்த்து எழுதியிருந்தால், நாளைக்கு ஓடையை மீட்கும்போது கிழக்குப் பாகம் வந்தவர் மட்டும் நிலத்தை இழப்பார், அப்புறம் அண்ணன் தம்பிக்குள் சண்டை. அந்த வருஷம் முதல் அங்கே உழவும் இல்லை. ஆனால் ஏழு தென்னை நிற்கிறது, நல்ல காய்ப்பு. அண்ணன் வெட்டிவிடலாம் என்கிறார், அம்மா நான் இருக்கும்வரை வேண்டாம் என்கிறார். போன பொங்கலுக்குப் போனபோதும் ஏழு மரமும் நின்றது.